கருப்பாக இருந்த கோழி தேறியது

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இது பதினோராவது வருடம். மாதிரி வந்து இறங்கியதுமே அதன் முகத்தைப் பார்த்து முடிவைச் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் எங்கள் எல்லாருக்குமே உண்டு. அந்தப் பழக்கம் என்னை நன்றாக ஏமாற்றியது ஒரு அல்ஃபாம் கோழி விஷயத்தில்.

கரியில் சுட்ட கோழியை வெற்றிடப் பொதியில் உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்த ஒரு ஓட்டல்காரர் இரண்டு மாதிரி கொண்டுவந்திருந்தார். எல்லாரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம். இறக்குமதி செய்பவர் கொடுத்த தேவைப் பட்டியலில் ‘பி.ஏ.எச்.’ என்று ஒரு வரி இருந்தது. பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன். பல வளையங்கள் ஒட்டிக்கொண்ட கார்பன் சேர்மங்கள். அவற்றில் முக்கியமானது பென்சோபைரீன். புகையிலைப் புகையிலும் நிலக்கரித் தாரிலும் இருப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி சுட்ட இறைச்சியில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அது எவ்வளவு என்று பாய் கேட்டார். ஒரு டன் கோழியில் 5 மில்லிகிராம் என்று சொன்னேன். சிரித்தார்.

முதல் மாதிரி தோல் உரித்த நெஞ்சுக்கறி. தயிரும் மசாலாவும் தடவி, ஓரமெல்லாம் கன்னங்கரேல் என்று தீய்ந்திருந்தது. இரண்டாவது தோலோடு கூடிய தொடை. பொன்னிறம், மினுமினுப்பு, ஆங்காங்கே கம்பிவலைக் கோடுகள் மட்டும். முதல் மாதிரி விழுந்துவிடும், இரண்டாவது தேறிவிடும் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன்.

வேலை நீளமானது. மாதிரியைத் தோலோடு சேர்த்து நன்றாக அரைத்து, அதில் 5 கிராம் எடுத்து, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிக்க வைப்போம். கொழுப்பு சோப்பாகிவிடும், பென்சோபைரீன் ஆகாது. பிறகு ஹெக்சேனில் அதைப் பிரித்தெடுத்து, சிலிக்கா நிரப்பிய சிறு குழாய் வழியாக விட்டுச் சுத்தம் செய்து, கடைசியில் 1 மில்லிலிட்டராகச் சுருக்கி, கலவையில் உள்ள சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துவோம். வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் எல்லாமே பழுப்புக் கண்ணாடியில்தான். இந்தச் சேர்மத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும். அந்த ஒளிர்வைத்தான் கருவி அளக்கிறது. அதனால்தான் இவ்வளவு சிறிய அளவையும் பிடிக்க முடிகிறது.

தொடை மாதிரியில் அந்த 1 மில்லிலிட்டரில் 28 நானோகிராம் இருந்தது. 5 கிராமால் வகுத்தால் கிலோவுக்கு 5.6 மைக்ரோகிராம். ஆனால் வழியில் கொஞ்சம் தொலைந்திருக்கும். தெரிந்த அளவு சேர்த்துச் செய்த சோதனை மாதிரியில் எங்களுக்கு 80 சதவீதம்தான் திரும்பக் கிடைத்திருந்தது. அதைச் சரிக்கட்டினால் 7. அளவீட்டு நிச்சயமின்மை 20 சதவீதத்தைக் கழித்தாலும் 5.6 நிற்கிறது, வரம்பு 5. தப்பிக்க வழியில்லை. தீய்ந்த நெஞ்சுக்கறியில் எவ்வளவு தெரியுமா? 1.2.

முதலில் தோன்றியது, சீட்டு மாறிவிட்டது என்பதுதான். அரைத்து மீதி வைத்திருந்ததைப் பார்த்தேன். கருப்பும் பொன்னிறமும் கண்ணுக்கே தெரிந்தன, மாறவில்லை. அடுத்தது வெற்று மாதிரி. கோழியே இல்லாமல் கரைப்பான்களை மட்டும் அதே வழியில் ஓட்டுவது. பக்கத்து ஜெனரேட்டரின் டீசல் புகை உள்ளே வந்தால்கூட எங்கள் எண்கள் கெட்டுப்போகும். வெற்று மாதிரி சுத்தமாகவே இருந்தது. மறுபடி செய்தேன், அதே கதை. பிறகு தொடையின் தோலைத் தனியாகவும் உள்கறியைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே தோலில் இருந்தது. உள்கறியில் எங்கள் கருவி எண்ணாகச் சொல்லும் அளவுக்குக்கூட இல்லை.

அதாவது இது கோழியில் உண்டானதில்லை. வெளியிலிருந்து வந்து படிந்தது.

பாயின் சமையற்கட்டுக்குப் போனேன். இரும்புப் பெட்டியில் ஒரு சாண் உயரத்துக்குக் கரி, அதற்கு மேலே இரண்டு மடிப்புக் கம்பிவலைக்குள் இறுக்கிய கோழிகள். சுடுபவரை எல்லாரும் மாஸ்டர் என்கிறார்கள். அவர் கையில் எண்ணெயும் உருகிய வெண்ணெயும் கலந்த கிண்ணம், ஒரு தூரிகை. தடவுவார், கம்பிவலையைத் திருப்புவார். அந்தக் கணத்தில் தோலின் கொழுப்பும் தடவிய வெண்ணெயும் சேர்ந்து சொட்டும். தணலில் விழுந்ததும் சர்ரென்று ஒரு மஞ்சள் நாக்கு எழும்பி, அதன் நுனியிலிருந்து கரும்புகை கிளம்பி, நேராகக் கோழியைப் போய்த் தழுவும். மாஸ்டர் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடக்குவார். இன்னும் புகை.

நான் தேடியது அந்தப் புகைதான். சொட்டிய கொழுப்பு தணலின் சூட்டில் உடைகிறது. முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போக, அந்த இடத்தில் அதற்குப் போதுமான ஆக்சிஜன் கிடைப்பதில்லை. உடைந்த துண்டுகள் அதே சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி அறுகோண வளையங்களாகின்றன, வளையத்தோடு வளையம் தேன்கூட்டு அறைகளைப் போலச் சேர்கிறது. பென்சோபைரீனில் இப்படி ஐந்து வளையங்கள். புகையின் கரித்துகளில் தொற்றிக்கொண்டு மேலே போனால் அங்கே கொழுப்பு மினுங்கும் தோல் காத்திருக்கிறது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும் பொருளுக்கு இதைவிட நல்ல இடம் எது? நெஞ்சுக்கறியில் தோலும் இல்லை, சொட்டக் கொழுப்பும் பெரிதாக இல்லை. அது தன் தயிரையும் மசாலாவையும் கருக்கிக்கொண்டதே தவிர, கீழிருந்து அதன் மேல் எதுவும் பெரிதாக ஏறி வரவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1964இலேயே லிஜின்ஸ்கியும் ஷூபிக்கும் கரியில் வாட்டிய 15 மாட்டிறைச்சித் துண்டுகளைச் சோதித்து, சராசரியாகக் கிலோவுக்கு 8 மைக்ரோகிராம் பென்சோபைரீன் இருந்ததாக எழுதினார்கள். தணலில் சொட்டும் கொழுப்பைத்தான் அவர்களும் சந்தேகப்பட்டார்கள். நான் அதைப் படித்தவள்தான். படித்திருந்தும் கருப்பைப் பார்த்து ஏமாந்தேன்.

“அப்போ கருகினது நல்லதா மேடம்?” என்று பாய் கேட்டார். இல்லை பாய், அது வேறு கணக்கு. இறைச்சியின் தசையில் இருக்கும் கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் அதிகச் சூட்டில் சேர்ந்து ஹெட்டெரோசைக்ளிக் அமீன் என்று இன்னொரு கூட்டத்தை உண்டாக்குகின்றன. அதற்குச் சொட்டும் கொழுப்பு தேவையில்லை, வாணலியில் தீய்ந்தாலும் உண்டாகும். இந்தச் சோதனை அதை அளக்கவே இல்லை. தீய்ந்த நெஞ்சுக்கறி தேறியது ஒரு பாடத்தில் மட்டும்தான்.

பக்கத்திலேயே கண்ணாடி போட்ட கிரில் சிக்கன் அடுப்பும் இருந்தது, நம் ஊர் ஓட்டல் வாசல்களில் கோழிகள் வரிசையாகச் சுற்றுமே, அது. மாஸ்டருக்கு விளக்க அது வசதியாகப் போயிற்று. அதில் நெருப்பு பின்னால் இருக்கிறது, கொழுப்பு கீழே தட்டில் விழுகிறது. அவ்வளவு கொழுப்பு வடிந்தும் அது நெருப்பைச் சந்திப்பதே இல்லை. மாஸ்டர் தட்டை இழுத்துக் காட்டினார். இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த கொழுப்பு.

அதையே கரி அடுப்பில் கொண்டுவர முடியுமா என்று பார்த்தோம். கரியை நடுவிலிருந்து விலக்கி இரண்டு ஓரங்களிலும் குவித்து, நடுவே ஒரு தகரத் தட்டில் கொஞ்சம் தண்ணீர். கோழி தட்டுக்கு மேலே. தண்ணீர் இல்லாவிட்டால் தட்டில் விழும் கொழுப்பே காய்ந்து புகையத் தொடங்கும், முதல் முயற்சியில் அப்படித்தான் ஆனது. இரண்டாவது, வெண்ணெய் தடவுவது நெருப்பிலிருந்து இறக்கிய பிறகு. மூன்றாவது, கரி முழுதும் பிடித்து மேலே வெண்சாம்பல் படர்ந்த பிறகே கோழி ஏற வேண்டும். சரியாக வேகாத கரித்துண்டில் மரம் மிச்சமிருக்கும், அது கொழுப்பில்லாமலே புகை விடும். சூடு குறைந்ததால் ஒரு கோழிக்குக் கூடுதலாகப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. கோழி உள்ளே வெந்திருக்கிறதா என்று தொடையின் எலும்பருகே வெப்பமானி குத்திப் பார்க்கச் சொன்னேன். பென்சோபைரீனுக்குப் பயந்து சால்மனெல்லா கிருமியை வரவழைக்கக் கூடாதே.

அப்படிச் சுட்ட தொடைகளில் மூன்று தொகுதிகளைச் சோதித்தேன். மூன்றிலும் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே. அதே கோழி, அதே தோல், அதே கரி. பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: பென்சோபைரீனோடு இன்னும் மூன்று சேர்மங்களைக் கூட்டினால் 30ஐத் தாண்டக் கூடாது. அதிலும் சிக்கலில்லை. கருவி வரையும் கோட்டில் ஒவ்வொரு சேர்மமும் ஒரு சிகரமாக எழும்பும்; அந்த மூன்றில் ஒன்றான கிரைசீனின் சிகரம் பக்கத்துச் சிகரத்தோடு ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது என்பது என் சொந்தக் கதை.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பிரியாணிக்குப் புகை போட்டாள். சிவந்த கரித்துண்டைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, பாத்திரத்துக்கு நடுவே இறக்கி, அதன் மேல் ஒரு கரண்டி நெய் விட்டு, புகை கிளம்பியதும் மூடி போட்டு அடைத்தாள். நான் பாயின் அடுப்பில் தடுக்கப் பாடுபட்ட விஷயத்தை இவள் மூடி போட்டுச் செய்கிறாள். சொன்னேன். “அக்கா, அஞ்சு நிமிஷம்தான்” என்றாள். வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிறவளோடு எதற்குச் சண்டை என்று இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன். பென்சோபைரீன் உடனே ஆளை வீழ்த்தும் விஷம் இல்லை. கல்லீரல் அதை வெளியேற்ற முயலும்போது உண்டாகும் ஒரு வடிவம் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்கிறது. எத்தனை முறை, எத்தனை வருடம் என்பதுதான் அங்கே கணக்கு. தினமும் அந்த அடுப்பின் மேல் குனிந்து மூச்சு விடும் மாஸ்டரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புகைக்கூண்டின் விசிறி ஓடவில்லை என்பதை அறிக்கையில் எழுத எனக்கு இடமில்லை, பாயிடம் வாயால் சொன்னேன். மாற்றினார்.

மூன்று மாதம் கழித்து பாய் போன் செய்தார். வெளிநாட்டுப் பொதிகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் புது முறையில் சுட்டதைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

“வாசம் இல்லைங்கறாங்க மேடம்.”

அந்த வாசமும் பெரும்பாலும் சொட்டுகிற கொழுப்பின் புகையிலிருந்துதானே வருகிறது. ஏற்றுமதிக்கு ஓர் அடுப்பும் கடைக்குப் பழைய அடுப்பும் என்று இரண்டு வைத்துவிட்டார். தட்டு பழைய அடுப்பில் இல்லை, ஆனால் வெண்ணெய்க் கிண்ணத்தை மாஸ்டர் அங்கேயும் நெருப்பிலிருந்து தள்ளித்தான் வைத்திருக்கிறாராம். அதுவே போதுமா என்று பாய் கேட்டார். மாதிரி அனுப்புங்கள், தோலோடு அனுப்புங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.