போன் உறைக்குள் இருந்த கார்டு

"பேட்டர்ன் லாக் இருக்குல்ல மச்சான், யாரு திறக்கப் போறா?"

மச்சான் பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டு, என்னிடம் இப்படிச் சொல்லி நிதானமாகத்தான் நின்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த உறையை நினைத்துத்தான். டெபிட் கார்டு அதற்குள்ளேயே இருக்கும்.

போனைத் திறக்கவே வேண்டாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதித் தேதியும் கையில் இருந்தால், யூபிஐ பின்னை மாற்றப் பாதி வழி தாண்டியாச்சு. கடையில் கார்டைத் தட்டி வாங்கினால் ஐயாயிரம் வரை பின் நம்பரே கேட்காது.

அதனால் என் போனிலிருந்து முதலில் சிம்மை முடக்கச் சொன்னோம். அப்புறம் வங்கிக்கு: கார்டு, யூபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் தனித்தனியாக. கார்டை மட்டும் முடக்கினால் யூபிஐ நிற்காது.

புகார் எண்ணையும் நேரத்தையும் அக்கா காலண்டரில் கிறுக்கி வைத்தாள். அந்த நேரம்தான் சாட்சி. நம் அஜாக்கிரதையால் போன பணம், சொல்லும்வரை நம் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கியின் தலையில். ரிசர்வ் வங்கி 2017-லேயே சொன்னது.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டிருப்போம். நல்லவேளை, போகவில்லை.

சாயங்காலமே புது சிம் வாங்கிவிட்டார். ஆனால் மாற்று சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, ஓடிபியும்தான். நாளைக்குப் பாஸ்புக்கோடு கிளைக்குப் போகிறோம்.

புது உறை கேட்டார். அக்கா முறைத்தாள்.