குரூப்பிலிருந்து நீக்கினார்கள், மீட்டிங் அழைப்பும் வரவில்லை: கேட்டுப் பெற்ற கதை

அலுவலக வாட்ஸாப் குரூப்பிலிருந்து நீக்குவதும், வழக்கமான மீட்டிங்குக்கு அழைப்பு வராமல் போவதும் ஒரே வாரத்தில் நடந்தால் எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விசாரித்துப் பார்த்ததில் ஒன்று கவனக்குறைவு, மற்றது தெரிந்தே செய்தது. இரண்டையும் ஒரே புகாராக எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் மீட்டிங். வாராந்திர ஆய்வுக் கூட்டத்தை நடத்தியவர் வேறு குழுவுக்கு மாறினால், பொறுப்பேற்பவர் பெரும்பாலும் காலண்டரில் வாராவாரம் வரும் அழைப்பாகப் புதிதாக ஒரு தொடரை உருவாக்குவார். பெயர்களை நினைவிலிருந்தோ, போன வாரம் வந்தவர்களைப் பார்த்தோ சேர்ப்பார். அந்த வாரம் நீங்கள் லீவில் இருந்தால் போச்சு. அவுட்லுக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு: தொடர் அப்படியே இருக்க, உங்களை மட்டும் எடுத்துவிட்டாலும் உங்களுக்கு `Canceled:` என்றுதான் மெயில் வரும். கூட்டமே ரத்து என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சந்தேகம் வந்தால் சக ஊழியரிடம், "செவ்வாய் பத்து மணி மீட்டிங் உங்க காலண்டரில் இருக்கா?" என்று கேட்டால் போதும்.

கேட்பதற்கு முன் நம் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். கூகுள் காலண்டரில் ஒருநாள் வர முடியாது என்று சொல்லும்போது `All events` தேர்வாகியிருந்தால் மொத்தத் தொடருக்கும் மறுப்புப் போயிருக்கும். `Show declined events` அணைந்திருந்தால் அது கண்ணிலும் படாது.

ஐ.டி. உதவி மையத்துக்கு அலைய வேண்டாம். எனக்கு அரை நாள் வீண். "ஆர்கனைசர்தான் சேர்க்கணும்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. நண்பரை ஃபார்வர்டு செய்யச் சொல்வதும் சரியான குறுக்குவழி இல்லை. அவுட்லுக்கில் யார் யாருக்கு அனுப்பினார் என்ற அறிவிப்பு பொதுவாக ஆர்கனைசருக்குப் போய்விடும், உதவியவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஆகவே நேரே ஆர்கனைசருக்கு, தனியாக, எழுத்தில். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"சார், செவ்வாய் 10 மணி ஆய்வுக் கூட்டத்தின் புதிய தொடரில் என் பெயர் இல்லை. கடந்த இரண்டு கூட்டங்களில் பில்லிங் அறிக்கையில் செய்த மாற்றம் எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது, அதனால் ஒருமுறை பழைய வடிவத்திலேயே அனுப்பிவிட்டேன். நான் கூட்டத்தில் இருக்க வேண்டுமா? இல்லையென்றால் முடிவுகளை எனக்கு யார் சொல்வார்கள்?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். "ஏன் என்னைச் சேர்க்கவில்லை?" என்று கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்று முடித்துவிடுவார்கள். இந்தக் கேள்விக்கு அழைப்பு வரவேண்டும், அல்லது ஒரு பெயர் வரவேண்டும். எனக்கு ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது.

வாட்ஸாப் குரூப் இவ்வளவு சுலபமாக இல்லை. நீக்கியது யார் என்பது உங்கள் சாட்டிலேயே ஒரு வரியாக இருக்கும். பழைய செய்திகளையும் படிக்கலாம், புதியவை வராது. கோபத்தில் அந்த சாட்டை அழித்துவிடாதீர்கள். அந்த வரியையும், வேலை சம்பந்தமான கடைசிச் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அட்மின் சொன்ன காரணம், "புது புராஜெக்ட்காரங்க மட்டும்." கேட்க நியாயம்தான், ஆனால் ஷிப்ட் மாற்றம் அந்தக் குரூப்பில்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் திரும்பச் சேர்க்கச் சொல்லாமல், ஷிப்ட் மாற்றம் எனக்கு எந்த வழியில் வரும் என்று கேட்டேன். வாய்மொழியாக, "சொல்லிடறேன்" என்றார். அன்றே, "நீங்கள் சொன்னபடி ஷிப்ட் மாற்றத்தை எனக்குத் தனியாகத் தெரிவிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று மெயில் போட்டேன். அடுத்த இரண்டு மாற்றங்களும் வரவில்லை. தேதி, என்ன தவறியது, அதனால் நடந்தது என்ன, எப்போது கேட்டேன் என்று நான்கே விவரங்களோடு மேலாளரிடம் போனேன். அவமானம், அரசியல் என்ற சொற்கள் அதில் இல்லை. மனதில் இருந்தன, அது வேறு. நீக்கம் நீங்கள் கொடுத்த ஒரு புகாரைத் தொடர்ந்து வந்திருந்தால் மட்டும் இந்தப் படிகளில் காத்திருக்காமல், இரண்டு தேதிகளையும் குறித்து நேரே எச்.ஆரிடம் கொடுங்கள்.

மேலாளர் சொன்னதும் அட்மின் சேர்க்கப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய புது எண் என் போனில் பதிவாகவில்லை, என் `Privacy` அமைப்பில் `Groups` என்பது `My contacts` என்று இருந்தது. அப்படியானால் நேரடியாகச் சேர்க்க முடியாது, தனிச் செய்தியாக ஓர் அழைப்புதான் வரும். அது மூன்று நாளில் காலாவதியாகிவிடும். நான் பார்த்தது நான்காம் நாள். எண்ணைப் பதிவு செய்துகொண்டு, பல்லைக் கடித்தபடி அவரிடமே இன்னொரு முறை கேட்க வேண்டியதாயிற்று.