இரண்டு நாள், இரண்டு கோயில்: பெரியவர்களுக்கான கோலாலம்பூர் யாத்திரை

ஒரே நாளில் ஐந்து கோயில் என்று விளம்பரம் செய்த ஒரு பயணத்தில் என் அம்மாவை அனுப்பினேன். திரும்பி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "வேன் படிக்கட்டைத்தான் பார்த்தேன். ஏறினேன், இறங்கினேன்" என்றார். அந்த வருத்தத்தில் அமைத்ததுதான் எங்கள் பயணம். இரண்டு நாளில் இரண்டே கோயில்கள். ஒவ்வொரு பெரியவருடனும் வீட்டார் ஒருவர் உடன் வரவேண்டும்.

முதல் நாள் பகலில் ஓய்வுதான். மாலையில், வெயில் தணிந்த பிறகு, துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் தொடங்கியது. தைப்பூசத்தையொட்டி வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவதும் இங்கிருந்துதான். மதியத்தில் ஏன் போகக்கூடாது என்று சிலர் கேட்பார்கள். வெறுங்காலோடு வெளிமுற்றக் கல்லில் நடந்து பாருங்கள், தெரியும். தெரு நெரிசலானது, வண்டியை நிறுத்த இடம் தேடிச் சுற்றவேண்டியிருக்கும். அதனால் கோபுர வாசலிலேயே இறக்கிவிட்டு வேன் போய்விடும். தரிசனம் முடிந்ததும் அழைத்தால் வரும்.

மறுநாள் பத்துமலை. மொத்தப் பயணத்திலும் நான் கவலைப்படுவது இந்தக் காலை நேரத்துக்காக மட்டுமே. படிகள் 272. ஏறக்குறைய பதினைந்து மாடிக் கட்டடத்தை ஏறி இறங்குவதற்குச் சமம், அதிலும் செங்குத்தானவை. ஆகவே பதிவு செய்யும்போதே தொலைபேசியில் கேட்டுவிடுவோம்: "இரண்டு மாடி ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி நிற்காமல் இறங்க முடிகிறதா?" ஏறுவதைவிட இறங்குவதையே முக்கியமாகக் கேட்கிறோம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலில் விழுகிறது. மேலே போய்விட்டவர் கால் நடுங்கி நடுப்படியில் உட்கார்ந்துவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

பசியாறிய பிறகே புறப்படுவோம். சாமி பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று விரதம் பிடிப்பவர்கள், சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படியில் கால் வைத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து. சர்க்கரை இறங்கினால் முதலில் பிடரி சில்லென்று வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். எங்களிடம் எப்போதும் சர்க்கரை கரைத்த தண்ணீர் இருக்கும். ஆனாலும் இரண்டு இட்லி சாப்பிட்டு வருபவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. விரதம் இருந்தே ஆகவேண்டும் என்றால், மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டு வரச் சொல்கிறோம். கழிப்பறைக்குப் பயந்து நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கழிப்பறை இருக்கும் இடம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறோம்.

விடியலில் போய்விட்டால் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. குரங்குகள் எப்போதும் இருக்கும். பிளாஸ்டிக் பை சரசரத்தால் அவற்றுக்குப் பசி வந்துவிடும். பூவும் பழமும் துணிப்பைக்குள் போகட்டும். ஏறும்போது வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். "வேலும் மயிலும் துணை" என்று மூச்சு முட்டாமல் ஒரே வீச்சில் சொல்ல முடிந்தால் அடுத்த படி. முடியாவிட்டால் நிற்கவேண்டும். மழை பெய்திருந்தால் ஏறுவதே இல்லை. குகைக்குள்ளும் மேலிருந்து நீர் சொட்டித் தரை ஈரமாக இருக்கும், அங்கே கையைப் பிடித்துத்தான் நடக்கவேண்டும்.

ஈப்போவிலிருந்து வந்த பாட்டி ஒருவருக்கு எண்பது வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகன் "நான் முதுகில் தூக்கிக்கொண்டு போகிறேன்" என்று பிடிவாதம் பிடித்தார். ஒருவர் வழுக்கினால் இருவரும் விழுவார்கள், கூடாது என்றேன். அவருக்குக் கோபம். நாற்காலியைச் சிலைக்கு நேரே போட்டோம். 42.7 மீட்டர் உயர முருகன், 2006இல் எழுந்தவர். கழுத்து வலிக்காமல் பார்க்கப் போதுமான தூரம் பின்னால் தள்ளிப் போடவேண்டும், அதுவும் ஒரு பழக்கம்தான். மகனும் பேரனும் மேலே போனார்கள். ஒன்றேகால் மணி நேரம் பாட்டி வாய்க்குள் ஏதோ பாடியபடி, கண் எடுக்காமல் அமர்ந்திருந்தார்.

பேரன் திருநீறு கொண்டுவந்து பூசினான். மேலே எப்படி இருந்தது என்று பாட்டி கேட்கவில்லை. "மூச்சு வாங்குகிறதே, முதலில் உட்கார்" என்று நாற்காலியில் பாதி இடம் ஒதுக்கினார்.

தைப்பூச வாரத்தில் நாங்கள் பயணம் வைப்பதில்லை. வேனில் எட்டு இருக்கைகள் இருந்தாலும் ஆறு பேரைத்தான் ஏற்றுவோம். மற்ற இரண்டும் காலை நீட்டிக்கொள்ள.