கோலாலம்பூரில் இருந்து பினாங்கு 19,721 கிலோமீட்டராம்!

அட்சரேகை, தீர்க்கரேகை கையில் இருந்தால் தூரம் கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலை என்பார்கள். அந்தத் தூரத்தைக் கணக்கிடும் ஹேவர்சைன் ஃபார்முலாவைப் பொறுத்தவரை அது உண்மைதான். எக்செல் ஷீட்டில் இறக்கும்போதுதான் அரை நாள் போய்விடுகிறது.

சோதனைக்கு எடுத்தது கோலாலம்பூர் இரட்டைக் கோபுரமும் பினாங்கின் கொம்தார் கட்டடமும். B2, C2 செல்களில் 3.1579, 101.7116. B3, C3 செல்களில் 5.4145, 100.3293. வர வேண்டிய விடை சுமார் 294 கி.மீ.

முதலில் வந்தது 10,700 சொச்சம். இது எல்லோரும் ஒருமுறை விழும் குழி. SIN, COS இரண்டும் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், நாம் கொடுப்பது டிகிரி. RADIANS() போட்டால் சரியாகிவிடும்.

அடுத்து வந்த 19,721தான் ஆளைக் கொன்றது. பூமியின் சுற்றளவில் பாதியே 20,015 கி.மீ.தான். பினாங்கு என்ன, தென் அமெரிக்காவிலா இருக்கிறது? RADIANS எல்லாம் இருக்கிறது, அடைப்புக்குறிகளும் சரி. கோளாறு கடைசி வரியில், அதாவது வேறொரு நிரல்மொழியில் இருந்து அப்படியே எடுத்துப் போட்ட இந்தத் துண்டில்:

```
2*ATAN2(SQRT(a),SQRT(1-a))
```

இதில் a என்பது கீழே வரும் முழு ஃபார்முலாவில் SQRT-க்குள் இருக்கும் பகுதி. பெரும்பாலான நிரல்மொழிகளில் atan2-க்கு y முதலில், x பிறகு. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபிஸ் மூன்றிலும் x முதலில். வரிசை மாறினால் இரு புள்ளிகளுக்கும் இடையே பூமியின் மையத்தில் அமையும் கோணம் c-க்குப் பதிலாக π−c கிடைக்கும். தூரமாகச் சொன்னால் 20,015-இல் இருந்து 294 கழிந்த மிச்சம். எக்செல் எந்தப் பிழையும் காட்டாது. ஒற்றைத் தூரம் என்றால் எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வரும். ஆனால் பத்து கிளைகளை வைத்து 'எது அருகில்' என்று வரிசைப்படுத்தும் ஷீட்டில், தூரத்தை மறைத்துப் பெயரை மட்டும் காட்டினால் போச்சு: வரிசையே தலைகீழாகி, மிகத் தொலைவில் உள்ள கிளை முதலில் வந்து நிற்கும்.

ATAN2-ஐ விட்டுவிட்டு ASIN போடுவதே நிம்மதி. அங்கே இடம் மாற எதுவும் இல்லை:

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(B3-B2)/2)^2+COS(RADIANS(B2))*COS(RADIANS(B3))*SIN(RADIANS(C3-C2)/2)^2))
```

கீழே இழுக்கப் போகிறீர்கள் என்றால் தொடக்கப் புள்ளியை $B$2, $C$2 என்று பூட்டிவிடுங்கள்.

பட்டியலை நிரப்புவதற்கு முன் இரண்டு சோதனைகள் போதும். இரண்டு வரியிலும் ஒரே புள்ளியைக் கொடுங்கள், 0 வர வேண்டும். 20,015 வந்தால் அது ATAN2 வேலை. பிறகு (0,0), (0,1) கொடுங்கள், 111.19 வர வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனைகளில் சிக்காத தவறு ஒன்று உண்டு, அது உள்ளே போடும் எண்ணில் இருக்கிறது. 3°09'28" என்று எழுதியிருந்ததை யாரோ 3.0928 என்று தட்டிவிட்டார்கள். விடை 300 கி.மீ.! பார்த்தால் நம்பும்படியே இருக்கும், அதனால்தான் இது மோசமானது. நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்:

```
=3+9/60+28/3600
```

தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கமும், அடுத்த இரண்டு இலக்கமும் பட்டியல் முழுக்க எங்குமே 60-ஐத் தொடவில்லை என்றால், யாரோ இப்படித் தட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினாலும் சத்தமே வராது. நம் ஜோடிக்கு 161 கி.மீ. என்று காட்டும். சில வரைபடக் கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் எழுதும், அங்கிருந்துதான் இது வரும். மலேசியாவுக்குள் இதைப் பிடிப்பது சுலபம்: B நெடுவரிசையில் 8-க்கு மேல் ஓர் எண் இருந்தாலே தவறு.

இத்தனைக்கும் பிறகு வரும் 294-லும் ஒரு கிலோமீட்டர் கூடுதல். 6371 என்பது பூமியைச் சரியான உருண்டையாக வைத்த சராசரி ஆரம். பூமத்திய ரேகைக்கு அருகில் வடக்கு தெற்காக ஒரு டிகிரி சுமார் 110.6 கி.மீ.தான், நம் ஃபார்முலாவோ 111.2 என்று கணக்கிடுகிறது. கோலாலம்பூர், பினாங்கு வழி பெரும்பாலும் வடக்கு நோக்கியது என்பதால் உண்மைத் தூரம் 293-ஐ ஒட்டி வரும். கிளைகளை வரிசைப்படுத்த இது ஒரு பொருட்டே இல்லை. நில அளவைக்கு இதைத் தொடாதீர்கள்.

மைலேஜ் கிளெய்முக்கும் தொடாதீர்கள். இது பறவை போகும் தூரம், சாலைவழி சுமார் 350 கி.மீ. 294-ஐப் போட்டுப் பணம் கொடுத்தால் லாரி ஓட்டுநர் நேரே உங்கள் மேசைக்கு வருவார்.