முகம் இருக்கிறது, பேசுபவர் இல்லை

அகல வீடியோவை முகத்தைப் பின்தொடர்ந்து தானாக நெடுக்கு வீடியோவாக வெட்டும் வசதி தரும் அறிக்கையை யாரும் நம்ப வேண்டாம். என் அறிக்கையில் பச்சை டிக் போட்டு, எல்லா ஃபிரேமிலும் முகம் இருப்பதாக எழுதியிருந்தது. அது பொய்யும் இல்லை, முகம் இருந்தது. ஆனால் நல்ல நீளத்துக்கு அது பேசுபவரின் முகம் அல்ல. அவருக்குப் பின்னால் ஸ்லைடில் இருந்த ஒரு விஞ்ஞானியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

அசையாத ஒரே கேமராவில் எடுத்த கருத்தரங்க உரை அது. மேடையின் வலப்பக்கம் மேசை, இடப்பக்கம் திரை. பேராசிரியர் இரண்டுக்கும் நடுவே உலாவிக்கொண்டே பேசுகிறார். அதிலிருந்து சில துண்டுகளை வெட்டி, கைப்பேசிக்கான நெடுக்கு வீடியோவாக்கித் தர வேண்டும். வெட்டுவதிலும் ஒலியைச் சரிசெய்வதிலும் ஒரு சிக்கலும் வரவில்லை. மூலப்பதிவு 4கே தரத்தில் இருக்கும் என்று தெரிந்து கேட்டதற்கு, அமைப்பாளர் தரப்பில் "இருப்பது இதுதான்" என்று 1920க்கு 1080 கோப்பையே மறுபடி அனுப்பினார்கள். அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

அந்த அளவில் கணக்கு இப்படி வருகிறது. முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 9:16 வெட்டினால் கிடைக்கும் அகலம் 608 பிக்சல்தான். மேடையில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகத் தேறாது. மீதி எல்லாம் வெளியே. எனவே வெட்டும் சட்டம் கொஞ்சம் தவறான இடத்தில் நின்றாலும் ஆள் காணாமல் போய்விடுவார்.

விஞ்ஞானியின் படம் ஏன் ஜெயித்தது என்று பார்த்தால் மென்பொருளையும் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. அவர் பெரிதாக, வெளிச்சமாக, நேராகக் கேமராவைப் பார்க்கிறார், கண்கூட சிமிட்டுவதில்லை. நம் பேராசிரியரோ திரையைச் சுட்டிக்காட்டப் பக்கவாட்டில் திரும்புகிறார், பலகையில் எழுத முதுகைக் காட்டுகிறார். முகம் கண்டறியும் நிரலுக்குப் பின்னந்தலை முகமே இல்லை. பிடித்த முகம் தொலைந்ததும் அடுத்து நல்ல முகம் எங்கே என்று தேடி, படத்துக்குத் தாவிவிட்டது. படம் இல்லாத ஸ்லைடு வந்தபோது சட்டம் மேடையின் நடுவுக்குப் போய் வெறும் திரைச்சீலையைக் காட்டிக்கொண்டு நின்றது.

இதைச் சரிசெய்ய நான் கண்ட வழி எளிது. ஸ்லைடு இருக்கும் பகுதியைக் கறுப்புப் பட்டையால் மறைத்த ஒரு பிரதியை உருவாக்கி, பின்தொடர்தலை அதில் ஓட்டினேன். பிறகு அதில் கிடைத்த நகர்வுக் கீஃபிரேம்களை, அதாவது சட்டம் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிகளை, மட்டும் அசல் வீடியோவில் ஒட்டினேன். முதுகு காட்டும் இடங்களில் சட்டம் நடுவுக்குப் போகாமல் இருக்க, முகம் கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே அதைக் கையால் நிறுத்தி வைத்தேன். ஆள் நகராமல் எழுதும்வரை அது போதும். எழுதிக்கொண்டே நகர்ந்தால் கீஃபிரேமைக் கையால் போடத்தான் வேண்டும். சில மென்பொருள்களில் முழு உடலைப் பின்தொடரும் தேர்வு உண்டு, இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

உண்மையில் என்னைப் படுத்தியது இன்னொன்று. முகம் சரியாகப் பிடிபட்டிருக்கும்போதே ஆள் வெட்டுப்பட்டார். அதுவும் அவர் நடக்கும்போது மட்டும்.

சட்டம் நடுங்காமல் இருக்க, முகத்தின் இருப்பிடத்தை அப்படியே பின்தொடராமல் கடந்த சில நொடிகளின் சராசரியை எடுப்பார்கள். நான் தேர்ந்தது மெதுவான நகர்வு. சராசரி எடுக்கும் காலம் 2 நொடி. பேராசிரியர் மேசையிலிருந்து திரைப்பக்கம் 900 பிக்சல் தூரத்தை 3 நொடியில் கடக்கிறார், அதாவது நொடிக்கு 300 பிக்சல். கடந்த 2 நொடியின் சராசரி என்பது சுமாராக 1 நொடிக்கு முன் அவர் இருந்த இடம். ஆகவே சட்டத்தின் நடுப்புள்ளி அவருக்கு 300 பிக்சல் பின்னால் வருகிறது. சட்டத்தின் பாதி அகலமோ 304. முகத்தின் நடு சட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது, மூக்குக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெளியே! வேகமான நகர்வுக்கு மாற்றினால் ஆள் உள்ளே வந்துவிடுகிறார். ஆனால் தலையாட்டும் ஒவ்வொரு முறையும் மேடையே ஆடுகிறது.

நேரலையில் இதற்கு மாற்று இல்லை, அடுத்த நொடி என்ன நடக்கும் என்று கேமராவுக்குத் தெரியாது. நம்மிடம் இருப்பது பதிவு. அவர் எப்போது நடக்கப் போகிறார் என்பது கோப்பிலேயே இருக்கிறது. எனவே மெதுவான நகர்வையே வைத்துக்கொண்டு, அந்தத் துண்டின் நகர்வுக் கீஃபிரேம்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டைம்லைனில் 25 ஃபிரேம், அதாவது 1 நொடி, முந்தைய நேரத்துக்குத் தள்ளினேன். நடை ஒரே சீராக இருக்கும் இடத்தில் பின்தங்கல் மறைந்துவிட்டது. நடக்கத் தொடங்கும் கணத்திலும் நிற்கும் கணத்திலும் மட்டும் சுமார் 75 பிக்சல் விலகல் இருந்தது; முகம் பத்திரமாக உள்ளேதான். சட்டம் அவருக்குச் சற்று முன்பே கிளம்புவது நல்ல கேமராக்காரர் கைவேலை போலவே தெரிந்தது. இதைக் கண்டுபிடித்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு எச்சரிக்கை: துண்டுக்குள் வெட்டு இருந்தால் இந்த வேலையை வெட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக, அந்தப் பக்கம் தனியாகச் செய்யுங்கள். இல்லாவிட்டால் காட்சி மாறும் முன்பே சட்டம் அடுத்த காட்சிக்காக நகரத் தொடங்கிவிடும்.

இனி சரிபார்ப்பு. நெடுக்கு வீடியோவில் மறுபடி முகம் தேடும் நிரலை ஓட்டிப் பார்ப்பது வீண். ஏமாந்த அதே கண்ணால் இரண்டாம் முறை பார்ப்பதில் என்ன பயன்? நெடுக்கு வீடியோவை மட்டும் மனிதர் பார்த்தாலும் போதாது, வெளியே என்ன விடுபட்டது என்று அதில் தெரியாது. அசலையும் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியில் அதற்கான கட்டளை இது:

```
ffmpeg -i wide.mp4 -i vertical.mp4 -filter_complex "[0:v]scale=-2:540[a];[1:v]scale=-2:540[b];[a][b]hstack" -an check.mp4
```

இரண்டு கோப்புக்கும் தொடக்கமும் ஃபிரேம் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் விலகிப்போகும். இதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். இடப்பக்கம் ஆளைப் பாருங்கள், உடனே வலப்பக்கம் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்லைடு மாறும் கணம், நடை தொடங்கும் கணம், முதுகு திரும்பும் கணம் ஆகியவற்றில் சாதாரண வேகத்துக்கு வந்துவிடுங்கள். என் கோளாறுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. முகம் உள்ளே இருந்தால் மட்டும் போதாது. இருபுறமும் அகலத்தில் 15 சதவீதம் தள்ளிக் கோடு போட்டுக்கொண்டு, முகம் அந்தக் கோடுகளுக்குள் நிற்கிறதா என்று பார்த்தேன். கைப்பேசிச் செயலிகளின் பொத்தான்கள் வலது ஓரத்தில் வந்து உட்காருவதால் இந்த இடைவெளி ஆடம்பரம் அல்ல.

ஓர் இடம் மட்டும் எந்த வித்தைக்கும் மசியவில்லை. பேராசிரியர் மேசையருகே நின்றபடி, 900 பிக்சல் தள்ளித் திரையில் இருக்கும் வரைபடத்தை லேசர் புள்ளியால் காட்டி விளக்குகிறார். 608க்குள் இரண்டும் அடங்காது. அங்கே திரையை மேல்பாதியிலும் அவரைக் கீழ்ப்பாதியிலும் அடுக்கிக் கொடுத்தேன். அமைப்பாளருக்கு அதுதான் மிகவும் பிடித்துப்போய், மற்ற துண்டுகளையும் அப்படியே மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். அதற்குத் தனிக் கட்டணம் என்றேன், 4கே மூலப்பதிவும் வேண்டும் என்றேன். மூலப்பதிவு மட்டும் அன்று மாலையே வந்து சேர்ந்தது.