இழுத்ததால்தானே?

பிறந்ததிலிருந்து ஒரு கை அசையாத குழந்தையோடு வந்த அந்த அப்பா கேட்ட கேள்விக்கு, பிசியோதெரபிஸ்டான நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தரப்பு நியாயம் முழுக்க அதை வைத்துத்தான் நிற்கிறது.

"ஏனுங்க சார், தலையைப் புடிச்சு இழுத்ததுலதானுங்களே இப்படி ஆச்சு?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க. இழுக்காமலும் வரும். சிசேரியன்ல பொறந்த கொழந்தைக்குக்கூட வந்திருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பெண் வீடு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சிப் பக்கம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்ற வழக்கப்படி வந்தவர்கள். பிரசவம் பார்த்த இடம் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இங்கே வேண்டாம்.

குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு நாள். பிறந்த எடை 4.1 கிலோ, அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை. வலது கை உடம்போடு ஒட்டி, தோளிலிருந்து உள்பக்கம் திரும்பி, முழங்கை மடங்காமல் நீண்டு, உள்ளங்கை பின்னால் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஓட்டல் சர்வர் பின்பக்கமாகக் கையை நீட்டி டிப்ஸ் வாங்குவதுபோல என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் ஊர் டீக்கடையில் அப்படி யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஒருமுறை இந்தக் கையைப் பார்த்தவருக்கு மறக்காது. எர்ப்ஸ் பால்சி. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னலின் மேல் கிளை, அதாவது ஐந்தாம், ஆறாம் கழுத்து நரம்புகள், அடிவாங்கியதன் அடையாளம்.

தலையைக் கையில் தாங்கி, லேசாகச் சரியவிட்டுப் பிடித்தேன். இடது கை திடுக்கிட்டு விரிந்தது, வலது கை அசையவில்லை. என் விரலை வைத்ததும் வலது உள்ளங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடி நல்ல சேதி, கீழ் நரம்புகள் பிழைத்திருக்கின்றன. இமை தொங்கவில்லை, மூச்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறி இறங்கியது. எக்ஸ்ரேயில் காறை எலும்பு முறிவு இல்லை. முறிந்திருந்தாலும் வலிக்குப் பயந்து குழந்தை கையை அசைக்காது, அதனால் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். தலை வெளியே வந்தபின் தோள் அம்மாவின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி அகன்று நரம்பு இழுபடும். அப்போது தலையைப் பக்கவாட்டில் இழுத்தால் காயம் கூடும். அம்மாவின் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றுக்குக் கீழே எலும்புக்கு மேல் அழுத்தித் தோளை விடுவிக்கச் சொல்லித்தருவது அதற்காகத்தான். ஆனால் கருப்பை சுருங்கும் விசையே நரம்பை நீட்டிவிடலாம் என்பதும் உண்மை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2014இல் வெளியிட்ட அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. வழக்குகளிலிருந்து தப்பிக்க டாக்டர்கள் எழுதிக்கொண்டது என்று அதைச் சாடியவர்களும் உண்டு. நான் அன்று அந்த அப்பாவிடம் சொன்னது அந்த அறிக்கையின் சுருக்கம்தான். அவருக்காகச் சொன்னேனா, பிரசவம் பார்த்தவருக்காகச் சொன்னேனா?

டிஸ்சார்ஜ் தாளில் 'சுகப்பிரசவம்' என்று மட்டும் இருந்தது. தோள் மாட்டியதா, தலை வந்து எத்தனை நிமிடம் கழித்து உடல் வந்தது, யார் என்ன செய்தார்கள், ஒரு வரி கிடையாது. எதுவும் நடக்காததால் எழுதாமலும் விட்டிருக்கலாம். பிரசவ அறையில் இல்லாத பிசியோதெரபிஸ்ட் ஆள்காட்டி விரலை நீட்டலாமா? கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 'தெரியாது' என்பது ஒரு பதில், 'இழுக்காமலும் வரும்' என்பது வேறு பதில். முதலாவதைக் கேட்டவர் விசாரிக்கப் போவார். இரண்டாவதைக் கேட்டவர் வீட்டுக்குப் போவார்.

அன்று எனக்கு அவசரமாகப்பட்டது வேறு. பாட்டி குழந்தைக்கு 'உரம்' விழுந்திருக்கிறது என்று முடிவுகட்டி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்க ஆள் சொல்லி வைத்திருந்தார். குளிப்பாட்டும்போது கையை இழுத்து நீவுவதும் நடந்துகொண்டிருந்தது. "ஏஞ்சாமி, எண்ணெய் போட்டு நாலு இழு இழுத்தா நரம்பு தெளிஞ்சிருமல்லோ?" என்றார். இழுபட்ட நரம்பை மறுபடி இழுப்பதை நிறுத்துவதுதான் என் முதல் வேலை. சட்டை போடும்போது இந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது.

அப்புறம் பயிற்சி. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் இதைச் செய்யச் சொன்னேன். வெளியே திருப்பும் தசை செயலிழந்து, உள்ளே திருப்பும் தசை மட்டும் வேலை செய்தால் தோள் இறுகும். விட்டால் மூட்டுக்கிண்ணமே கோணலாக வளரும், பந்து பின்னால் நழுவும். நரம்பு பிழைத்தும் தோள் கெட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதக் கெடுவையும் அன்றே சொன்னேன். அறுந்த நரம்பிழை நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து மேல்கைத் தசைக்கு அது வந்துசேர மாதங்கள் ஆகும். வெறுமனே இழுபட்டதென்றால் சில வாரங்களிலேயே கை எழும், பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேறிவிடும். மூன்று மாதத்தில் முழங்கையைத் தானாக மேலே மடக்காவிட்டால் நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கெடுவைக் கேட்டு அந்தப் பெண் அழுதாள், நான் அதற்கு வருத்தப்படவில்லை.

பத்தாவது வாரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் முழங்கை மடங்கியது, மல்லாக்கக் கிடந்தால் இல்லை. மூன்று மாதத்திலும் அரைகுறைதான். கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அங்கே இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார்கள், பொறுத்ததில் கை எழுந்தது. இப்போது இரண்டரை வயது. பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகும்போது முழங்கை ஊதுகுழல் வாசிப்பவர்போலப் பக்கவாட்டில் உயர்கிறது, உள்ளங்கை பின்மண்டைக்கு எட்டவில்லை. தோளுக்கு மறுபடி ஒரு மதிப்பீடு பாக்கி இருக்கிறது.

போன வாரம் அம்மா மட்டும் குழந்தையோடு வந்தாள். மறுபடி மாசமாக இருக்கிறாள். "இதுக்கும் அப்படி ஆகுங்களா சார்?" ஒருமுறை தோள் மாட்டியிருந்தால் அடுத்த முறையும் மாட்டும் வாய்ப்பு கூடுதல், அதனால் இந்தத் தடவை பார்க்கும் டாக்டருக்கு முதல் பிரசவத்தில் நடந்தது முழுதாகத் தெரியவேண்டும் என்றேன். சர்க்கரையையும் குழந்தையின் எடையையும் விடாமல் பார்க்கச் சொன்னேன். கடிதமும் எழுதிக் கொடுத்தேன்: முதல் குழந்தைக்கு வலது மேல் நரம்புப் பின்னல் காயம், எடை 4.1 கிலோ. காரணம் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கூடவே, பழைய ஆஸ்பத்திரியில் முழு கேஸ் ஷீட் நகல் கேட்டு வாங்கச் சொன்னேன். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்தில் தரவேண்டும், ஆனால் மூன்று வருடம்தான் வைத்திருக்கும் கடமை அவர்களுக்கு. இன்னும் சில மாதம் இருக்கிறது. எழுத்தில் கேள், தேதி போட்ட ரசீது வாங்கு என்றும் சொன்னேன்.

அவள் கணவர் அன்று கேட்டதற்கு ஒரு விடை இருக்குமென்றால் அந்தத் தாளில்தான் இருக்கும். இதே விதி அன்றும் எனக்குத் தெரியும். அன்று சொல்லியிருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு வக்கீலைத் தேடிப் போயிருப்பார்கள், கைதான் கெட்டிருக்கும் என்று ஒரு மனசு சொல்கிறது. இரண்டையும் அவர்களால் செய்திருக்க முடியாது என்று முடிவுசெய்ய நீ யார் என்று இன்னொரு மனசு கேட்கிறது. தாளை வாங்கியதும் கணவரிடம் காட்டலாமா என்று அவள் கேட்டாள். "அது உங்க பேருல இருக்குற தாள், காட்டுங்க" என்றேன்.