தெய்வானை இல்லமும் ஒரு துதிக்கை னையும்

காரைக்குடிக்கு வெளியே நாங்கள் கட்டிய வீட்டுக்குத் தை மாதம் குடிபோனோம். கட்டி முடிக்க பதினாலு மாதம் ஆனது, பெயர் வைத்துக் கல் பதிக்க இரண்டரை மாதம். இரண்டாவதுதான் அதிகம் படுத்தியது என்று சொன்னால் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

எங்களுக்கு வீட்டுப் பெயர் என்பதே பழக்கமில்லாத விஷயம். பள்ளத்தூரில் இருக்கும் பழைய வீட்டில் பெயர்ப்பலகை கிடையாது. நிலைக்கு மேலே கஜலட்சுமி இருக்கிறாள், அவ்வளவுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் விலாசத்தைச் சொன்னால் போதும், வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்காக: விலாசம் என்றால் இங்கே முகவரி அல்ல, பாட்டன் பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்ப அடையாளம். அதனால் அப்பச்சி, அதாவது என் அப்பா, முதலில் சொன்னது, "விலாசத்தையே போட்டுடலாம், என்னத்துக்கு யோசனை?" என்பதுதான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சித்தப்பாதான் போனில் தடுத்தார். பழைய வீட்டில் இன்றைக்கும் பதினோரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமாகித் தனிக் கணக்கான பதினோரு குடும்பத்துக்கு, பங்கு இருக்கிறது, அந்த விலாசம் பதினோரு புள்ளிக்கும் பொது. நாம் மட்டும் புது வீட்டு வாசலில் அதை எழுதி வைத்தால், நாளைக்குப் பங்காளி ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் அதே விலாசத்தைப் போட, மொய்க்கவரோடு பாதிப் பேர் நம் வீட்டுக்கு வந்து நிற்பார்கள் என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு குத்தல் இருந்தது. விலாசம் போனது.

அடுத்து ஒரு வாரம் வாட்ஸப் குழுவில் பெயர்கள் கொட்டின. அன்பகம், நிழல், சாமி பெயர்கள், பேரன் பேத்தி பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து யாரோ செய்த ஒரு பெயர் (மருந்துக் கம்பெனி மாதிரி இருந்தது). கடைசியில் அக்காதான் "அப்பத்தா பேரை வைங்க" என்று ஒரு வரி எழுதினாள். அப்பத்தா பெயர் தெய்வானை. பழைய வீட்டில் தனக்கென்று ஒரு அறைக்கு மேல் எதுவும் இல்லாமல் அறுபது வருஷம் இருந்தவள். குழு அதோடு அமைதியானது.

அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "அயித்தை பேரை நான் இன்னிக்கு வரைக்கும் வாயால சொன்னதில்லை. இனிமே கூரியர்காரன் போன் பண்ணி எந்த வீடும்மான்னு கேட்டா, அவனுக்குச் சொல்லணுமா?" யாருக்கும் இது தோன்றவே இல்லை. 'இல்லம்' என்று பின்னால் சேர்த்தால் அது வீட்டின் பெயராகிவிடும், ஆளின் பெயர் ஆகாது என்று அப்பச்சி சமாதானம் சொன்னார். அம்மா ஒத்துக்கொண்டாளா என்று அப்போது தெரியவில்லை. ஆனால் வெறும் 'தெய்வானை' என்று வைக்கலாம் என்ற என் யோசனை அந்த நிமிஷமே செத்துப்போனது, பெயர் 'தெய்வானை இல்லம்' ஆனது. எண்கணிதம் பார்க்கிற ஒருவர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூட்டினால் யோகம் என்றார். கல்லில் ஆங்கிலமே வேண்டாம் என்று முடிவு செய்ததில் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

இதற்குள் அப்பத்தாவின் கல்யாணச் சாமான் பித்தளைக் குடம் ஒன்றை அக்கா எடுத்துவந்தாள். இங்கே பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். குடத்தின் கழுத்துக்குக் கீழே, உளி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி, தெய்வானை என்று இருந்தது. கடைசி எழுத்து மட்டும் இன்றைய னை இல்லை. ன-வுக்கு முன்னால் தனியாக ை நிற்காது, எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி மேலே வளைந்து ஏறும். ணை, லை, ளை, னை நான்கும் 1978-இல் அரசாணை வரும்வரை பள்ளிக்கூடத்திலும் அச்சிலும் அப்படித்தான் இருந்தன. பெரியார் 1935-லேயே மாற்றச் சொல்லி குடி அரசில் மாற்றியும் அச்சடித்தார், அரசு ஏற்க நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. குடத்தைப் பார்த்த அப்பச்சி, "இந்த எழுத்துதான் கல்லுல வரணும்" என்றார். சரி என்றேன், அதில் உள்ள வேலை தெரியாமல்.

கல் வெட்டுகிற கடைக்குப் போனேன். கறுப்பு கிரானைட், 18 மில்லிமீட்டர் கனம், இரண்டடிக்கு ஒரு அடி. பெயரை அவர்களே கம்ப்யூட்டரில் அடித்து, ஸ்டிக்கர் தாளில் மெஷின் வைத்து எழுத்தை வெட்டுவார்கள். தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்து உள்ள இடத்தை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, மணலைக் காற்றழுத்தத்தில் அடித்தால் உரித்த இடம் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழியும். தாள் கல்லில் இருக்கும்போதே குழியில் தங்கநிறப் பெயின்ட் அடித்துவிட்டு மிச்சத்தை உரித்தால் வேலை முடிந்தது.

கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தெய்வானை இல்லம், நாலும் நாலும் எட்டு எழுத்து என்றேன். அவர் பதினொன்று என்றார். ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி, னை-யின் முன்னால் நிற்பது தனி! கீபோர்டில் எத்தனை தடவை தட்டுகிறாரோ அத்தனை. இதில் தமிழாசிரியரைக் கூட்டிவந்தாலும் ஜெயிக்க முடியாது. ஆனால் பழைய னை ஒரே எழுத்தாக இருப்பதால் பத்துதான் என்று ஒன்றைக் குறைத்துவிட்டேன்.

அந்தப் பழைய னை அவருடைய கம்ப்யூட்டரில் இல்லை. என்னுடைய லேப்டாப்பிலும் வரவில்லை. அதற்கென்று தனிக் குறியீடு கிடையாது, எழுத்துருவை வடிவமைத்தவர் அப்படி வரைந்திருந்தால்தான் வரும், இன்றைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் புது வடிவம்தான். அதனால் குடத்தின் மேல் மெல்லிய தாளைச் சுற்றி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எழுத்தை எடுத்தோம். அதை ஸ்கேன் செய்து, ஓவியம் தெரிந்த நண்பர் ஒருவர் புள்ளிக் குத்துகளைக் கோடாக இணைத்து முழுப் பெயரையும் வரைந்து கொடுத்தார். இதில் தற்செயலாக ஒரு நன்மை. எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பியதால் கடைக்காரர் திரும்ப டைப் செய்ய வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் பெயர் அங்கே அனுப்பிய ஃபைலைத் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறி நின்றதைப் பார்த்தேன். போனில் அடித்த தமிழ், கடைகளில் இருக்கும் பழைய எழுத்துருவில் அப்படித்தான் குழம்பும். சாதா எழுத்தில் வெட்டச் சொன்னாலும் வடிவங்களாக மாற்றிய பிடிஎஃப் கொடுப்பதே நல்லது.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எதையும் நம்பாமல் சோதித்தே பார்த்தோம். இரண்டு இஞ்ச் உயரத்தில் ஒன்றும் மூன்று இஞ்ச் உயரத்தில் ஒன்றும் வெள்ளைத் தாளில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, கேட் தூணில் செலோடேப் போட்டு நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஆறரைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றோம். ரோடு இருபதடி. இரண்டு இஞ்ச் படிக்க முடிந்தது, ஆனால் ய்-யின் புள்ளி மங்கி, துதிக்கைச் சுழி ஒரு கறையாகத் தெரிந்தது. மூன்று இஞ்சில் சுழிக்குள் வெளிச்சம் தெரிந்தது. மூன்று இஞ்ச் என்றால் ஒரே வரியில் இரண்டடிக்குள் அடங்காது, ஆகவே தெய்வானை மேலே, இல்லம் கீழே. கோடுகள் எல்லா இடத்திலும் குறைந்தது நாலு மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும் என்று கடைக்காரர் சொன்னார். மெல்லிய கோடாக இருந்தால் உரிக்கும்போது தாள் கிழியும். நண்பர் அதற்காக ஒரு முறை திருத்தினார்.

கதவு எண்ணையும் அதே கல்லில் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். வார்டு மாற்றி எண் மாறினால் கல்லை என்ன செய்வது? எண்ணுக்குத் தனியாக ஒரு சின்னத் தகடு, ஸ்குரூ கழற்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

பத்து நாளில் கல் வந்தது. கோணியைப் பிரித்து எல்லாரும் கும்பலாக நின்று பார்த்தோம், அழகாக இருந்தது, அக்கா அழுதுகூட விட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் மெதுவாக, "தெயவானைன்னு இருக்கே" என்றார். ய்-க்குப் புள்ளி இல்லை! ஸ்டிக்கரில் அந்தச் சின்ன வட்டத்தை உரிக்க மறந்திருக்கிறார்கள், மணல் அந்த இடத்தைத் தொடவே இல்லை. தப்பு என்னுடையதும்தான், தாள் ஒட்டியதும் மணல் அடிக்குமுன் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். தெய்வானை இல்லத்தில் மூன்றே புள்ளிகள், ய், ல், ம். எண்ண அரை நிமிஷம் ஆகாது. (பதினோரு புள்ளிக்கு வரி கணக்குப் போட்ட குடும்பம், மூன்று புள்ளியை எண்ணவில்லை என்று சித்தப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.)

நல்ல வேளை, கல்லில் இல்லாததைச் சேர்க்கலாம், கூடுதலாக வெட்டியதைத்தான் மூட முடியாது. கடைக்காரர் மற்ற இரண்டு புள்ளியின் அளவைப் பார்த்து, வைரமுனை பிட்டை ட்ரில்லில் மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகக் குடைந்து, பெயின்ட் வைத்தார். அருகில் போய்ப் பார்த்தால் அந்தப் புள்ளி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வட்டமாக இருக்கும்.

பதிக்கும்போது இன்னொன்று. கல் பத்துக் கிலோவுக்குப் பக்கம் வரும். தூணில் பெயின்ட் அடித்து முடித்திருந்தது, அதன் மேலேயே பசை போட்டு ஒட்டப் போனார்கள். பசை பெயின்டைப் பிடிக்கும், பெயின்ட் சுவரைப் பிடிக்காது. மேஸ்திரியை நிறுத்தி, கல் உட்காரும் இடத்தைச் சுரண்டிக் கொத்திவிட்டு ஒட்டி, நாலு மூலையிலும் பித்தளைத் தலை ஸ்குரூ போட்டோம்.

அக்கா மகள் ஏழாவது படிக்கிறாள். கல்லைப் படிக்கச் சொன்னோம். துதிக்கையைப் பார்த்துத் தயங்கி, "தெய்வான இல்லம்" என்றாள். அப்பத்தாவை ஊரில் எல்லாரும் கூப்பிட்டதும் அப்படித்தான், அதனால் திருத்தவில்லை.

போன வாரம் அம்மாவுக்கு ஒரு டெலிவரி பையன் போன் செய்தான். எந்த வீடு என்று கேட்டிருப்பான் போல. அம்மா திண்ணையில் இருந்தபடியே, "கேட்டுக்குப் பக்கத்துல கறுப்புக் கல்லு இருக்குல்ல தம்பி, அதுல எழுதியிருக்கு, நீயே படிச்சுப் பாத்து வா" என்றாள்.